உள்ளே இருந்து வரும் துரு

மாமாவின் கார் 2012 மாடல். வலது பக்கப் பின்கதவுக்குக் கீழே, பெயிண்டுக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு கொப்புளம் வந்திருந்தது. "பெயிண்ட் ஷாப்பில் பதினோரு வருஷம் குப்பை கொட்டினவன் வீட்டுக் காரிலேயே துருவா?" என்று மாமா கேட்டார். நான் வேலை பார்த்த ஆலையில் செய்த கார் இல்லை அது. அதைச் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை அவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புதுப்பேட்டையில் தெரிந்த டிங்கர் பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன்.

பாய் கீழே குனிந்து ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் நான்கு இடத்தில் தட்டினார். மூன்று இடத்தில் 'டங்' என்றது, கொப்புளத்தின் மேல் 'தொப்' என்றது. அப்புறம் திருப்பிப் பிடித்து நுனியால் லேசாகக் குத்தினார். அட்டையில் இறங்குவதுபோல இறங்கிவிட்டது.

"மேல இருந்து வந்தது இல்ல தம்பி, உள்ள இருந்து வந்திருக்கு. வெளிய தெரியுறப்போ உள்ள வேலை முடிஞ்சிருக்கும்."

கல் பட்டுப் பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் வருகிற துரு வேறு மாதிரி இருக்கும். நடுவில் ஒரு காயம், அதைச் சுற்றி மஞ்சள் வட்டம். இங்கே காயமே இல்லை. மேலே கிளியர் கோட்டு பளபளவென்று முகம் பார்க்கும்படி இருந்தது. அதற்கு அடியில் தகடு இல்லை.

கதவுக்குக் கீழே வண்டியின் நீளத்துக்கு ஓடும் அந்தப் பெட்டியைப் பாய் 'ரன்னிங் போர்டு' என்பார், ஆலையில் 'சில்' என்போம். பார்க்க ஒரே தகடுபோல இருக்கும். வெட்டிப் பார்த்தால் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவில் பலத்துக்காக இன்னொரு தடித்த தகடு என்று மூன்று இருக்கும். அதாவது இரண்டு குறுகலான, இருட்டான அறைகள். பெயிண்ட் துப்பாக்கி அங்கே போகாது, கை போகாது. ஒரு கார் எத்தனை வருஷம் துருப்பிடிக்காமல் நிற்கும் என்பது அந்த இரண்டு அறைகளுக்குள் என்ன நடந்தது என்பதைப் பொறுத்தது. ஷோரூமில் நாம் பார்த்து மயங்குகிற நிறத்துக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

வெல்டிங் முடிந்து வருகிற பாடி, எண்ணெய்ப் பிசுக்கும் வெல்டிங் பொறியுமாக இருக்கும். அதற்கு முதலில் குளியல். காரக் கரைசலில் எண்ணெய் நீக்குவது, கழுவுவது, டைட்டானியம் சேர்ந்த மெல்லிய கரைசலில் ஒரு முக்கு, அதற்கப்புறம் பாஸ்பேட் தொட்டி. ஆலையில் இது மொத்தத்துக்கும் 'பி.டி.' என்று பெயர். அந்த டைட்டானியம் முக்கு, தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரி. தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத விதைகள் ஒட்டிக்கொள்ளும். பாஸ்பேட் தொட்டியில், நாற்பது டிகிரி சொச்சம் வெந்நீரில், அந்த விதைகளைப் பிடித்துக்கொண்டு துத்தநாக பாஸ்பேட் படிகங்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் வளரும். விதை இல்லாவிட்டால் படிகம் பெரிதாக, இடைவெளி விட்டு, முரட்டுத்தனமாக வளரும். சரியாக வந்தால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டிலிருந்து மூன்று கிராம்தான் எடை. கையால் தடவினால் சாம்பல் நிறப் பட்டுத்துணி மாதிரி இருக்கும். ஆனால் வெறுங்கையால் தடவக் கூடாது. வியர்வை பட்ட இடத்தில் பின்னால் கொப்புளம் வரும். நான் சேர்ந்த முதல் வாரம் தடவினேன், நல்ல திட்டு வாங்கினேன்.

இந்தப் படிகம் தனியாகத் துருவைத் தடுத்துவிடாது. அதன் வேலை வேறு. பெயிண்டில் கீறல் விழுந்து ஈரம் புகுந்தால், துரு பிடிக்கும் புள்ளிக்குப் பக்கத்திலேயே தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்து காரம் உண்டாகும். பெயிண்டைத் தகட்டிலிருந்து பெயர்த்தெடுப்பது பெரும்பாலும் அந்தக் காரம்தான். பாஸ்பேட் படிகம் பெயிண்டைத் தன் மேடுபள்ளங்களில் இறுக்கிப் பிடித்துக்கொள்வதோடு, அந்தக் காரம் பக்கவாட்டில் பரவாமலும் தடுக்கும். கீறல் கீறலாகவே நிற்கும்.

பி.டி.யில் எங்களுக்குத் தலைவலி கொடுத்தது ரசாயனத்தைவிடத் தண்ணீர். கடைசிக் கழுவல் அயனி நீக்கிய தண்ணீரில் நடக்கும். பாடியிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து அதன் மின்கடத்துத்திறனைப் பார்ப்போம். 30 மைக்ரோசீமன்ஸுக்கு மேல் போனால் ஷிப்ட் இன்சார்ஜுக்குப் போன் போகும். மாமா வீடு இருக்கிற திருவான்மியூர்ப் பக்கம் போர் தண்ணீரை ஒருமுறை அதே மீட்டரில் வைத்துப் பார்த்தேன், ஆயிரத்தைத் தாண்டியது. உப்பு காய்ந்து பெயிண்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டால், அது வெளியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிக் கொப்புளமாக வீங்கும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, இப்போது முக்கியமான தொட்டிக்கு வருவோம். 'இ.டி.' தொட்டி என்போம், மின்முறையில் பெயிண்ட் படிய வைப்பது. சாம்பல் நிறத்தில் பால்போல இருக்கும் அந்தத் திரவத்தில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். மீதி எபாக்சிப் பிசினும் நிறமிகளும். பிசினுக்கு அமிலத்தால் நேர் மின்னேற்றம் கொடுத்துத் தண்ணீரில் மிதக்க வைத்திருப்பார்கள். தொட்டியின் இரு பக்கமும் நேர்மின் தகடுகள், நடுவில் எதிர்மின் முனையாகக் கார் பாடி. முந்நூறு வோல்ட் சுற்றுவட்டாரத்தில் மூன்று நிமிடம் மின்சாரம் பாயும்.

மின்சாரம் பெயிண்டை இழுத்துக்கொண்டுபோய் ஒட்டுகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் நடப்பது இது: பாடியின் மேற்பரப்பில் தண்ணீர் பிளந்து ஹைட்ரஜன் குமிழ் வெளியேறுகிறது, தகட்டை ஒட்டிய மெல்லிய அடுக்கில் காரம் மிஞ்சுகிறது. அமிலத்தின் தயவில் மிதந்துகொண்டிருந்த பிசின் அந்தக் காரத்துக்குள் வந்ததும் மின்னேற்றத்தை இழந்து, எலுமிச்சை பிழிந்த பால்போலத் திரிந்து, தகட்டிலேயே படிந்துவிடுகிறது. பாலுக்குப் புளிப்பு, இதற்குக் காரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

1960-களில் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் குழு இந்த முறையைக் கார்களுக்குக் கொண்டுவந்தபோது பாடிதான் நேர்மின் முனை. அதில் ஒரு சிக்கல்: நேர்முனையில் இரும்பு கொஞ்சம் கரையும், பாஸ்பேட்டும் சேர்ந்து கரையும். கஷ்டப்பட்டு வளர்த்த படிகத்தைப் பெயிண்ட் அடிக்கும்போதே தின்றுவிடுவது போல. 1970-களில் முனைகளை மாற்றிப் போட்டார்கள். இன்று பொதுவாகக் கார் பாடி எதிர்முனைதான்.

எவ்வளவு மின்சாரம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளும் புறமும் எல்லா மடிப்புகளும் சேர்த்து ஒரு கார் பாடியின் பரப்பு நூறு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நாம் ஞாயிற்றுக்கிழமை கழுவித் துடைப்பது அதில் சிறு பகுதிதான். 20 மைக்ரான் தடிமனில் படிந்தால் இரண்டு லிட்டர், அதாவது சுமார் 2.6 கிலோ பெயிண்ட். ஒரு கூலும் மின்சாரம், அதாவது ஒரு ஆம்பியர் ஒரு நொடி பாய்வது, ஏறத்தாழ 30 மில்லிகிராம் படிய வைக்கும். ஆக 87,000 கூலும் வேண்டும். மூன்று நிமிடத்தில் அது போக வேண்டுமென்றால் சராசரியாக 480 ஆம்பியர்.

இந்த 480 ஆம்பியர் எங்கே போகிறது என்பதில்தான் சில்லின் தலைவிதி இருக்கிறது. மின்சாரம் சுலபமான வழியைத்தான் தேடும். நேர்மின் தகடுகளைப் பார்த்தபடி இருக்கும் வெளிப்புறத்தில்தான் முதலில் படியும். ஆனால் படிந்த பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்கும். வெளியே பூச்சு தடிக்கத் தடிக்க, மின்சாரத்துக்கு அந்த வழி கடினமாகி, ஓட்டைகள் வழியாக உள்ளே நுழைந்து வெறுந்தகட்டைத் தேடிப் போகும். வரிசையில் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு இலை நிரம்பிய பிறகு சாம்பார் வாளி பின்வரிசைக்குப் போகிற மாதிரி. வாளி அங்கே போய்ச் சேர்வதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டால் கடைசி இலை காலி. இப்படி உள்ளே எட்டிப் படியும் திறனுக்கு ஆலையில் 'த்ரோயிங் பவர்' என்றுதான் சொல்வோம், தமிழில் எட்டுதிறன் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க ஒரே வழிதான். இ.டி. ஓவனிலிருந்து வந்த ஒரு முழு பாடியை எடுத்து, ரம்பம் வைத்து அறுத்துப் பார்ப்பது. வருஷத்துக்குச் சில தடவை செய்வோம். ஒருமுறை சில்லைப் பிரித்தபோது வெளித்தகட்டின் வெளிப்பக்கம் 21 மைக்ரான் இருந்தது. முதல் அறைக்குள் 13. இரண்டாவது அறைக்குள், நடுத்தூணுக்கு இரு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி நீளத்துக்கு மீட்டர் 3, 4 என்று காட்டியது. சில இடங்களில் பாஸ்பேட்டின் சாம்பல் நிறமே நேராகத் தெரிந்தது. உள்ளறைகளுக்கு நாங்கள் வைத்திருந்த எல்லை 10. அறுத்துக்கொண்டிருந்த பையன் ரம்பத்தை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தான்.

முதலில் கை போனது வோல்டேஜ் மீதுதான், எல்லோருக்கும் அப்படித்தான் போகும். 20 வோல்ட் ஏற்றி இன்னொரு பாடியை அறுத்தோம். வெளியே 21 இருந்தது 25 ஆனது, உள்ளே 4 இருந்தது 5 ஆனது. காசு வெளியே கொட்டியது, உள்ளே ஒன்றும் சேரவில்லை. இன்னும் மோசம், துத்தநாகம் பூசிய கதவுத் தகட்டில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் வந்தன. வோல்டேஜ் அதிகமானால் அந்த வகைத் தகட்டில் ஹைட்ரஜன் குமிழ்களுக்கு இடையே பொறி பறந்து, அந்தப் புள்ளியில் பிசின் அங்கேயே வெந்து கட்டியாகிவிடும். ஓவனில் உருகி ஓடி மூட வேண்டியது மூடாது, குழியாகவே நிற்கும். வோல்டேஜைப் பழையபடி இறக்கினோம்.

பிறகுதான் வரைபடத்தை விரித்தோம். நடுத்தகட்டில் மின்சாரம் நுழைய மூன்று ஓட்டைகள் இருந்தன. புதிய மாடலில் சீட் பெல்ட் தாங்கிக்காக ஒரு சின்னத் தகட்டை அங்கே வெல்டு செய்திருந்தார்கள். அது நடு ஓட்டையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வரைந்தவருக்கு அது வெறும் ஓட்டை, எங்களுக்கு ஜன்னல். ஒரு ஓட்டை வழியாக மின்சாரம் உள்ளே எட்டுவது சில அங்குலம் அளவுதான். ஆகவே ஓட்டைகள் போதுமான நெருக்கத்தில் இருந்தாக வேண்டும். தாங்கியின் இரு பக்கமும் 16 மில்லிமீட்டரில் இரண்டு ஓட்டை போட ஏற்பாடானது. மோதல் சோதனைக்காரர்கள் "பலம் குறையும்" என்று ஒன்றரை மாதம் இழுத்தார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. கடைசியில் போட்டு அறுத்தபோது அதே இடத்தில் 11 மைக்ரான். அன்று கேன்டீனில் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கினேன்.

ஓட்டைக்கு இன்னும் இரண்டு வேலை உண்டு. ஒன்று காற்று. கவிழ்த்த டம்ளரைத் தண்ணீரில் அமுக்கினால் காற்று உள்ளேயே நிற்கும் அல்லவா, அதுபோல மேலே வழி இல்லாத மடிப்பில் காற்று மாட்டிக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குப் போனாலும் அந்தக் காற்று எட்டில் ஒரு பங்குதான் சுருங்கும், மீதி இடத்துக்குப் பாஸ்பேட்டும் கிடையாது, இ.டி.யும் கிடையாது. இன்னொன்று வடிகால். கீழே வழி இல்லாவிட்டால் தொட்டித் திரவம் பெட்டிக்குள் தேங்கி, ஓவனில் கொதித்து, இடுக்கு வழியாக வழிந்து வெளிப்பக்கத்தில் கோடு போடும். அந்தக் கோட்டைத் தேய்த்து எடுக்கிற பெண்கள் எந்தெந்த மடிப்பில் வடிகால் சரியில்லை என்று எங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்கள்.

ஓவனில் தகடு 170 டிகிரியைத் தொட்டு இருபது நிமிடம் இருக்க வேண்டும். அதற்குள்தான் பிசின் உருகிப் பரவி, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகும். கூரைத் தகடு சீக்கிரம் சூடாகிவிடும், மூன்று அடுக்குச் சில் மெதுவாகத்தான் சூடாகும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கரைப்பான் நனைத்த துணியால் தேய்த்தால் வேகாத இடம் துணியில் சாம்பல் கறையாக ஒட்டும். உருகும்போது இன்னொன்றும் நடக்கும்: கூரான வெட்டு விளிம்புகளிலிருந்து பெயிண்ட் பின்வாங்கி ஓடிவிடும். புத்தம்புதுக் காரிலும் பானட்டுக்கு அடியில் ஏதாவது ஒரு ஓட்டையின் விளிம்பில் மட்டும் மெல்லிய பழுப்புக் கோடு இருந்தால் காரணம் இதுதான்.

கதவின் அடிவிளிம்பு தனி ரகம். வெளித்தகட்டை உள்தகட்டின் மேல் மடித்து நசுக்கியிருப்பார்கள். அந்த மடிப்புக்குள் இ.டி. போகவே போகாது. உள்ளே பசை, வெளியே சீலர் என்று அடைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். அந்தச் சீலரில் ஒரு குமிழ் வெடித்து ஓட்டை விட்டால் தண்ணீர் ஏறிவிடும்.

இதற்கு மேலே வருவதையெல்லாம் சீக்கிரமாகவே சொல்லிவிடலாம். எபாக்சிக்கு ஒரு பலவீனம், வெயில். வெறும் இ.டி.யோடு சென்னை வெயிலில் விட்டால் சில மாதத்தில் சுண்ணாம்புபோலப் பொடிந்து கையில் ஒட்டும். அதை வெயிலிலிருந்து மறைத்து, தெறிக்கிற கல்லின் அடியையும் கொஞ்சம் வாங்கிக்கொள்வது பிரைமர், முப்பது மைக்ரான் சொச்சம். அதன்மேல் நிறம், பதினைந்து மைக்ரான் பக்கம், வெள்ளை என்றால் கொஞ்சம் கூடுதல். கடைசியில் நாற்பது மைக்ரான் அளவில் கிளியர் கோட்டு, புறஊதாக் கதிரை உறிஞ்சும் பொருள் அதில்தான் கலந்திருக்கும். எல்லாம் சேர்த்து நூறு மைக்ரானுக்குச் சற்று மேலே, ஏறக்குறைய நம் தலைமுடி ஒன்றின் தடிமன். பானட்டில் கிளியர் கோட்டு வெளுத்து உரிகிற பழைய கார்களைப் பார்த்து "துருப்பிடிக்கப்போகுது" என்று பயப்படுகிறார்கள். அசிங்கமாக இருக்கும், ஆனால் கீழே பிரைமரும் இ.டி.யும் நிற்கும்வரை தகட்டுக்கு உடனடி ஆபத்து இல்லை. மாமா கார் நேர் எதிர்.

பாய் கிரைண்டரை எடுத்தார். கொப்புளத்தைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு வெளித்தகட்டை வெட்டி எடுத்தார். பட்டாணி அளவு என்று நாங்கள் நினைத்தது உள்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. துரு, இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும். அது வீங்கித்தான் பெயிண்டை வெளியே தள்ளியிருக்கிறது. வேறு ஒரு கடையில் இதையே சுரண்டி, பட்டி பார்த்து, அதே நிறத்தில் அடித்துக் கொடுத்திருப்பார்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், உள்பக்கம் அப்படியே இருக்கும். ஒரு மழைக்காலம் தாங்கினால் அதிகம். புதுத் தகடு வைத்து வெல்டு செய்தாலும், வெல்டிங் சூட்டில் பின்பக்கத்து இ.டி. கருகிப்போகும். பாயிடம் முந்நூறு வோல்ட் தொட்டி கிடையாது.

"அதுக்கு என்ன பாய் பண்ணலாம்?"

"வெளிய எபாக்சி பிரைமர் போட்டுப் பெயிண்ட் அடிச்சுத் தரேன். உள்ளுக்கு மெழுகு. நீளக் குழாய் இருக்கு, ஓட்டை வழியா விட்டு நாலு பக்கமும் அடிச்சுடலாம். புதுசு மாதிரின்னு பொய் சொல்ல மாட்டேன் தம்பி. அஞ்சாறு வருஷம் ஓடும்."

நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அந்த மெழுகு மடிப்புகளுக்குள் ஊர்ந்து போகும், காய்ந்தும் முழுசாக இறுகாது. ஆலையிலேயே சில இடங்களுக்கு இ.டி.யை மட்டும் நம்பாமல் அடிப்பார்கள். ஆனால் மெழுகு அடிக்கும் முன் உள்ளே சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும்.

பாய் ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை வளைத்து, சில்லின் அடியில் இருந்த வடிகால் ஓட்டைக்குள் விட்டார். போகவில்லை. இரண்டாவது ஓட்டையும் அடைப்பு. வண்டியின் பின்பக்கத்தை ஜாக்கியில் உயர்த்தி, வெட்டிய இடம் வழியாகக் காற்றுக் குழாயைச் செருகி அழுத்தினார். முதலில் தூசு, அப்புறம் கட்டி கட்டியாகக் களிமண் வந்து விழுந்தது. நைசான, பிஸ்கட் நிறத்தில், நடுவில் இன்னும் ஈரத்தோடு. கால் படி தேறும்.

கடற்கரை மணலாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். எடுத்து விரலில் தேய்த்தால் மணலே இல்லை, வண்டல். மாமாவுக்குப் போன் போட்டேன்.

"மாமா, 2015 வெள்ளத்துல கார் எங்க நின்னுது?"

"அப்போ இருந்த முடிச்சூர் வீட்டு வாசல்லதான். சீட்டு வரைக்கும் தண்ணி. ஏன்டா? எல்லாம் சர்வீஸ்ல விட்டுச் சுத்தம் பண்ணியாச்சே, சீட்டு கவர்கூட மாத்தினேனே."

பாய் இடது பக்கத்துக்கு நகர்ந்து, அங்கிருந்த ஓட்டையில் கம்பியை விட்டுக்கொண்டிருந்தார். அதுவும் போகவில்லை.